சுவருக்குள் தண்ணீர் எப்போது போகிறது என்று முதலில் பாருங்கள்

"செந்தூலில் பிளாட், பன்னிரண்டாவது மாடி. மாஸ்டர் ரூமில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரே வாடை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மூன்று தடவை பூஞ்சணம் பிடிக்காத பெயிண்ட் அடித்தாகிவிட்டது, ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. இது வெறும் மில்டியூ வாடையா, மோல்டா? எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?"

மூக்கை மட்டும் நம்பி மில்டியூ, மோல்ட் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கண்டிராக்டர் ஒருவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு "இது பிளாக் மோல்ட்" என்றால் அவரை நம்பாதீர்கள். இரண்டும் பூஞ்சைதான். மலாயில் இரண்டுக்கும் சேர்த்து 'குலாட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். செடிகொடிகளைப் படிப்பவர்களுக்கு மில்டியூ என்றால் இலையில் வரும் நோய். வீட்டில் நாம் அந்தச் சொல்லைச் சொல்வது, மேலோட்டமாகச் சாம்பல் மாதிரி படிந்திருப்பதற்கு. சுவருக்குள் இறங்கிக் கறுப்பாகவோ பச்சையாகவோ திட்டுத் திட்டாக வருவதை மோல்ட் என்கிறோம். வாடை இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனை இருக்கிறதே, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் சில பூஞ்சைகளும் உண்டாக்குகின்றன. வெளியே முகர்ந்தால் சுகமாக இருக்கும் அதுவே அலமாரிக்குள் அடைந்து கிடந்தால் மக்கிய வாடையாகிவிடுகிறது.

ஆகவே என்ன வாடை என்பதை விட்டுவிட்டு, துடைத்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு ஈரத்துணியில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அந்த இடத்தைத் துடையுங்கள். படிந்தது துணியோடு வந்து, கீழே பெயிண்ட் வழவழப்பாக, கெட்டியாக இருக்கிறதா? அறையைக் காற்றாட விட்டதும் வாடை போய், இரண்டு வாரமானாலும் வராமல் இருக்கிறதா? அப்படியானால் அது மேலோட்டமானது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்ததில் காற்று போகாமல் வந்திருக்கும். ஒரு கை அகலம் தள்ளிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். துடைத்தும் கறை போகவில்லை, விரலால் அழுத்தினால் பெயிண்ட் உப்பியிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் வாடை திரும்ப வருகிறது என்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் திரும்ப வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பெயிண்டே பதில் சொல்லிவிட்டது.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அது உப்பாகவும் இருக்கலாம். செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவரும், தண்ணீர் காய்ந்ததும் உப்பு பூத்து நிற்கும். அதன்மேல் தண்ணீர் தெளியுங்கள். உப்பு கரைந்து மறையும், பூஞ்சை நனைந்து படியுமே தவிரக் கரையாது. உப்புக்கு வாடையும் இல்லை. ஆனால் உப்பு பூத்திருந்தால் அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர் நடமாடியிருக்கிறது என்று அர்த்தம். நமக்கு அது ஒரு துப்பு.

மூக்கைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரே அறையில் இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். அதனால் சாம்பிராணி, ஊதுபத்தி, ஏர் பிரெஷ்னர், அலமாரியில் இருக்கும் பாச்சா உருண்டை எல்லாவற்றையும் ஒரு நாள் நிறுத்துங்கள். இரவு ஏர்கோன் போடாமல் அந்த அறையைப் பூட்டிவிட்டு வேறு அறையில் படுங்கள். காலையில் கீழே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் முதல் மூச்சிலேயே உண்மை தெரியும். கதவைத் திறக்கும்போது ஒன்றும் இல்லாமல், ஏர்கோனைத் தட்டியதும் வாடை அடித்தால் சுவரை விட்டுவிடுங்கள். ஏர்கோனின் கூலிங் காயில் குழாய்களும் தண்ணீர் வடியும் தட்டும்தான் அழுக்கு, சர்வீஸ் பண்ணினால் போதும். சுவரை உடைக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஏர்கோன்தான் காரணம் என்று ஆன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஈரம் உள்ளிருந்துதான் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து என்ற கேள்வியை நான் எப்போதும் 'எப்போது' என்று மாற்றித்தான் கேட்பேன். தண்ணீர் வரும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு நேரம் உண்டு. மழை பெய்த மறுநாள் ஈரம் கூடினால் வெளிச்சுவர் அல்லது ஜன்னல் ஓரம். மழையோ வெயிலோ, ஊருக்குப் போயிருந்தாலும் ஒரே ஈரம் என்றால் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய். ஆள் இருந்தால் ஈரம், இல்லாவிட்டால் காய்ந்துவிடுகிறது என்றால் குளியலறைப் புழக்கம். ஏர்கோன் ஓடும் இரவுகளில் மட்டும் என்றால் காற்றிலுள்ள ஈரம்.

இந்தக் கடைசி வகையை நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை. கோலாலம்பூர் காற்று கிட்டத்தட்ட 24 பாகை அளவுக்குக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வியர்த்துவிடும், ஐஸ் டீ டம்ளர் வியர்ப்பது போல. பக்கத்து அறையில் 18 பாகையில் ஏர்கோன் ஓடினால், சுவரின் இந்தப் பக்கம், அதாவது ஏர்கோன் இல்லாத பக்கம், குளிர்ந்து வியர்க்கும். பூஞ்சை வருவது குளிர் அறையில் இல்லை, அடுத்த அறையில். குழாயைத் தேடிச் சுவரை உடைத்தாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது.

அதைப் பிரித்துக் காட்டுவதற்கு அலுமினியத் தாள் போதும், கோழி சுற்ற வாங்குவோமே அதுதான். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடித் தாளை நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இதே அளவில் இன்னொன்றை இரண்டு மீட்டர் தள்ளி, நல்ல சுவரில் ஒட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. 48 மணி நேரம் வழக்கம்போல இருங்கள், ஏர்கோனும் வழக்கம்போல. பிறகு முதலில் தாளின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள், அப்புறம் பிரித்து உள்பக்கம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வந்த ஈரம். உள்பக்கம் நனைந்திருந்தால் சுவரிலிருந்து வந்தது. பெயிண்ட் கனமாக இருந்தால் சுவர் ஈரம் மெதுவாகத்தான் வெளிவரும், அதனால் உப்பிய பெயிண்டை ஒரு சின்ன இடத்தில் சுரண்டிவிட்டு ஒட்டுவது நல்லது.

இனி ஈப்போ ரோட்டுப் பக்கம் நான் பார்த்த ஒரு பிளாட்டைச் சொல்கிறேன். உங்கள் வீடு மாதிரியேதான்: அலமாரி, பின்னால் சுவர், அந்தப் பக்கம் குளியலறை. அந்த அக்கா இரண்டு கண்டிராக்டர்களைப் பார்த்திருந்தார். ஒருவர் பெயிண்ட் அடித்தார். இன்னொருவர் குளியலறைத் தரை முழுவதையும் உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகப் போட வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்.

தாள் ஒட்டினோம். உள்பக்கம் நனைந்தது, இன்னொரு தாள் காய்ந்திருந்தது. ஆக, காற்று இல்லை. அடுத்து மீட்டர். எல்லாக் குழாயையும் மூடி, வாஷிங் மெஷின் வால்வையும் மூடி, கழிவறைத் தொட்டி நிறைந்த பிறகு மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்தோம். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடவில்லை. எண் அசையவில்லை. குழாயில் ஒழுக்கு இல்லை என்று அந்த அக்கா நிம்மதியானார். அவசரப்பட்டு நிம்மதியானார் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அடுத்து தரையில் தண்ணீர் தேக்கும் சோதனை. தண்ணீர் போகும் துளையைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, வாசல்படிக்குக் கீழே நிற்கும்படி இரண்டு விரல் ஆழம் தண்ணீர் விட்டு, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விட்டோம். இதைச் செய்வதற்கு முன் கீழ்வீட்டில் சொல்லிவிடுங்கள், அவர்கள் கூரையில் சொட்டினால் உடனே திறந்துவிடலாம். மட்டம் குறையவில்லை. தரையின் தடுப்பு நன்றாகவே இருந்தது. அதாவது அந்தப் பெரிய தொகைக்குத் தரையை உடைத்திருந்தால், நல்லதை உடைத்திருப்பார்கள்.

எனக்கு உறுத்திய விஷயம் வேறு. ஈரத்தின் உயரம். தரைத் தடுப்பு போயிருந்தால் ஈரம் சுவரின் அடியில் பட்டை மாதிரி வரும். இங்கே தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வட்டமாக இருந்தது, கீழே போகப் போக மங்கியது. அந்த உயரத்துக்கு நேராக மறுபக்கம் என்ன இருக்கிறது என்று அளவு நாடா வைத்துப் பார்த்தேன். ஷவர் ஸ்டாப்காக். அதிலிருந்து சுவருக்குள்ளேயே ஒரு குழாய் மேலே ஏறி ஹீட்டருக்குப் போகிறது.

பாருங்கள், அந்தக் குழாய்க்கு ஒரு விசேஷம் உண்டு. குளித்து முடித்ததும் எல்லோரும் ஸ்டாப்காக்கைத்தான் மூடுகிறார்கள். மூடியதும் மேலே இருக்கும் அந்தத் துண்டில் அழுத்தம் இல்லை. ஒழுகாது. நாங்கள் மீட்டர் பார்த்த நேரத்தில் எல்லாம் மூடியிருந்ததால் ஒழுக்கும் மூடிக்கொண்டது. நாலு பேர் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை குளிக்கும்போது மட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் குடித்துக்கொண்டிருந்தது. மீட்டரும் சொல்லாது, தரைச் சோதனையும் சொல்லாது.

ஆகவே சோதனையைத் திருப்பிச் செய்தோம். முதலில் ஹீட்டரின் மின்சாரத்தை டிபி பெட்டியில் அணைத்தோம். இதை விடாதீர்கள். பிறகு ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வால்வை மூடிவிட்டு, ஸ்டாப்காக்கை முழுக்கத் திறந்தோம். இப்போது தண்ணீர் எங்கேயும் போக வழியில்லை, ஆனால் அந்தத் துண்டு முழு அழுத்தத்தில் நிற்கிறது. வெளியே போய் மீட்டரைப் பார்த்தால், கடைசி எண் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டாப்காக்கை மூடினேன், நின்றது. திறந்தேன், ஊர்ந்தது. ஒரு மணி நேரம் விட்டதில் ஒரு லிட்டருக்கு மேல் போயிருந்தது. ஹீட்டரில் அப்படி வால்வு இல்லாவிட்டால் குழாயின் முனையைக் கழற்றி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மூடியைப் போட்டு அடைத்துச் செய்யலாம்.

இந்தச் சோதனையிலும் எண் அசையாவிட்டால் மிச்சம் இருப்பது டைல் இடுக்கு. ஷவர் தண்ணீர் சுவர் டைலில் தெறித்து, டைல்களுக்கு இடையே பெயர்ந்த சந்தில் இறங்குகிறது என்று அர்த்தம். தேக்கும் சோதனைக்கு அது எட்டாது, ஏனென்றால் அதில் தண்ணீர் தரையில் மட்டும்தான் நிற்கிறது. ஒரு வாரம் வாளியில் எடுத்து, சுவரில் படாமல் குளித்துப் பாருங்கள். ஈரம் குறைந்தால் சுவர்தான். பழைய சந்துப்பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பி, குழாய் சுவரில் நுழையும் இடங்களில் சிலிக்கோன் போட்டால் பெரும்பாலும் தீரும்.

ஈப்போ ரோட்டில் மூன்று டைல் மட்டும் உடைத்தோம். பழைய இரும்புக் குழாயின் முழங்கை மூட்டில் மரை துருப்பிடித்து ஊசித் துளை அளவுக்கு ஒழுக்கு. அந்தத் துண்டையே கைவிட்டுவிட்டு, ஸ்டாப்காக் இருந்த இடத்திலிருந்து டைலுக்கு மேலேயே, கண்ணில் படும்படி குழாய் போட்டுவிட்டோம். அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் அடுத்த தடவை ஒழுகினால் கண்ணால் பார்க்கலாம், அதனால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒழுக்கு நின்ற அன்றே பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சுவர் காய எவ்வளவு நாள் ஆகும் தெரியுமா? செங்கல் சுவருக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் இருக்கும் பழைய கணக்கு. நம் பிளாட்களின் உள்சுவர் நாலரை அங்குலம். ஆற்றில் நின்ற மாதிரி ஊறியிருந்தால் நாலரை மாதம்கூட ஆகலாம். இங்கே ஒரு திட்டு மட்டும் என்பதால் அவ்வளவு ஆகவில்லை. உப்பிய பூச்சைச் செங்கல் தெரியும் வரை, ஈரத் திட்டைத் தாண்டி ஓர் அடி வரை கொத்தி எடுத்தோம். அலமாரியை நடு அறைக்கு இழுத்துப் போட்டு, ஜன்னலை மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். ஜன்னலைத் திறந்து வைத்தால் காயும் என்று நினைக்காதீர்கள், வெளிக்காற்றே இங்கே ஈரம்தான். இயந்திரம் இல்லாதவர்கள் ஏர்கோனை டிரை மோடில் வைத்து, ஃபேனைச் சுவருக்கு நேராகத் திருப்பிவிடலாம். அது மெதுவாகத்தான் காயும்.

ஐந்தாவது வாரம் திரும்ப அலுமினியத் தாள் ஒட்டினோம். 48 மணி நேரம் கழித்து உள்பக்கத்தில் லேசான மங்கல் தெரிந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டோம். அடுத்த தாள் காய்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் சிமெண்ட் பூச்சு, அது காய்ந்ததும் சீலர், பெயிண்ட். அந்தச் சுவரில் பிளாஸ்டிக் வால்பேப்பர், பாசார் மாலாமில் விற்கும் செங்கல் டிசைன் ஃபோம் ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மிச்ச ஈரத்தை அவை அடைத்து வைத்து, பின்னால் பூஞ்சணத்தை வளர்க்கும்.

சுவரில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சணத்தைக் காய்ந்த பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, N95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிட்டுத் துடையுங்கள். மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் போனாலும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலும், ஆளை வைத்துச் செய்யுங்கள், நோயாளியை அன்று வேறு இடத்தில் தங்க வையுங்கள். குளோராக்ஸ் ஊற்றலாமா என்று கேட்பார்கள். டைலில் வேலை செய்யும். பூச்சுச் சுவரில் மேலே நிறம் வெளுக்கும், அதிலுள்ள தண்ணீர் உள்ளே இறங்கி இன்னும் ஈரமாக்கும். கறை மறைந்ததால் வேலை முடிந்தது என்று ஏமாந்துவிடுவோம். ஒரு போதும் அதை வினிகரோடோ கழிவறைக் கழுவும் ஆசிடோடோ கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். கூரையில் ஜிப்சம் பலகை ஊறி பூஞ்சணம் ஏறியிருந்தால் துடைக்கவே வேண்டாம். அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

சாம்பிராணி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அம்மாவும் வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு "இப்போ வாடையே இல்லையே" என்பார். சாமிக்குப் போடுங்கள், நல்லது. சுவருக்காகப் போடாதீர்கள். புகை இருக்கும் இரண்டு மணி நேரம் உங்கள் மூக்கு மட்டும்தான் காய்ந்திருக்கும். கரி மூட்டை, ஈரம் உறிஞ்சும் டப்பா இதெல்லாம் அலமாரிக்குள் இருக்கும் துணிக்குச் சரி. ஒழுகும் குழாய்க்கு எதிராக அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஈரம் சுவரில் இல்லாமல் கூரையில் வந்தால் கதை வேறு. மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாமல் மேனேஜ்மென்டுக்கு எழுத்தில் கொடுங்கள். அடுக்குமாடிச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டு விதிகள்படி அவர்கள் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்த பிறகு 5 நாளுக்குள் போராங் 28 என்ற சான்றிதழில் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை ஒழுக்கு மேல்வீட்டிலிருந்துதான் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. கொடுத்த கடிதத்தில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள்.

பினாங்கில் ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டில் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே தரையிலிருந்தே ஈரம் மேலே ஏறும், சுவரும் சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும், அதற்குத் தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்றைக்கு அலமாரியை நகர்த்தி, ஈரத் திட்டின் நடுவுக்குத் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து, அதே உயரத்துக்கு நேராகக் குளியலறையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஷவர் ஸ்டாப்காக்கோ ஹீட்டர் குழாயோ இருந்தால், தரையை உடைக்க யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வால்வுச் சோதனையைச் செய்துவிடுங்கள். மீட்டர் எண்ணை முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்தால், வரும் பிளம்பரிடம் பேச்சு சுருக்கமாக முடியும்.